இரண்டு பீனைல், இரண்டு மெத்தில்

வேதியியலில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற தவறு அந்த மதிப்பெண்ணிலிருந்துதான் கிளம்பியது. அதனால் அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் கோவில்பட்டியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு இடைசெவல் பக்கம். காலையில் பஸ் ஏறிப் போய் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுவேன். இளங்கலையில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியிருந்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே அண்ணன் மாட்டியிருந்தான். விதை உளுந்து கேட்டு வருகிறவர்கூட அதைப் பார்த்து நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் வந்த காரியத்தைப் பேச முடியும். எனக்கும் அது கசக்கவில்லை.

அண்ணன் மனைவி, என் மதினி, என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளும் பி.எஸ்சி. வேதியியல்தான். எல்லாத் தாளும் தேறி, மூன்றாம் ஆண்டுக் கரிம வேதியியல் மட்டும் நின்றுபோனது. கல்யாணம் முடிந்து வந்தவளுக்கு அதன்பின் காடு, வீடு, பிள்ளை என்று போய்விட்டது. ஒரு தாள் நின்றதால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாததால் பி.எட். இல்லை. டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது, மகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும்போது அவள் குரல் மாறுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஆடி மாதம் ஒரு நாள் அவளுடைய பழைய கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்குப் புரட்டாசியில் கடைசியாக ஒரு தேர்வு. அதற்குப் பிறகு அந்தத் தாளே கிடையாது. எழுதித் தேறாதவர்கள் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மதினி போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "எழுதவா வேண்டாமா, நீயே சொல்லு."

"எழுதுங்க மதினி. நான் இருக்கேம்லா."

நான் இருக்கிறேன் என்று அவ்வளவு லேசாகச் சொன்னேன்.

அண்ணன் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. "விதைப்புக்கு முன்னாடி முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டான். மழைக்காக அவன் காத்திருந்தான். கரிசல் கால் விடுகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

கல்லூரியிலிருந்து பத்து வருஷக் கேள்வித்தாள்களை நகல் எடுத்து வந்தேன். ஆடிக் காற்று ஜன்னல் வழியே வாரியடித்தது. தாள்கள் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, தரை முழுக்கப் பரப்பினேன். மெக்கானிசம் கேட்கும் கேள்விகளை மட்டும் சிவப்பு மையில் குறித்தேன். ஒரு சேர்மம் இன்னொன்றாக மாறும்போது நடுவில் எந்தப் பிணைப்பு உடைகிறது, எது சேர்கிறது, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைப் படிப்படியாக அம்புக்குறி போட்டுக் காட்டுவதுதான் மெக்கானிசம். எண்ணிப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஆறுதான் வந்திருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். கேள்வி போடுகிறவர் எங்கே சுற்றினாலும் ஆல்டால், எஸ்டராக்கல், பினகால் என்று இந்த ஆறுக்குள்ளேதான் வந்து நிற்கிறார்.

"ஆறே ஆறு மதினி. என் நோட்டுல அப்படியே இருக்கு. கண்ண மூடிட்டு மனப்பாடம் பண்ணுங்க. முடிஞ்சது ஜோலி."

மதினி நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"மனப்பாடம் பண்ணித்தாண்டி அன்னைக்குப் போச்சு" என்றாள் பிறகு. "ஆல்டால்தான் வந்தது. மூணாவது படி வரைக்கும் மளமளன்னு எழுதிட்டேன். நாலாவது மறந்து போச்சு. மூணும் எதுக்கு அப்படி எழுதுனோம்னு தெரிஞ்சாத்தான நாலாவது வரும்? எனக்குத் தெரியாது. பேனாவப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பெல் அடிச்சுட்டான்."

"அது அப்போ. இப்போ நல்லா மனப்பாடம் பண்ணுங்க."

"எனக்கு அந்தப் பாதை வேண்டாம்டி."

அவள் பாதை வேறு மாதிரி இருந்தது. மகளுடைய சிலேட்டை எடுத்துக்கொள்வாள். மகள் எல்.கே.ஜி.யிலிருந்து நான்கு மணிக்குத்தான் வருவாள் என்பதால் அதுவரை சிலேட்டு மதினிக்கு. கேள்வியைப் படித்துவிட்டு நோட்டை மூடிவிடுவாள். சேர்மத்தை வரைவாள். ஆக்சிஜன் மேல் பிணைப்பில் சேராமல் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான் ஜோடிகளைப் புள்ளி புள்ளியாக வைப்பாள். நான் அதையெல்லாம் வைப்பதே இல்லை. நேரம் வீண் என்று நினைப்பேன். பிறகு வாய்விட்டே கேட்பாள்: "இங்கன யாருகிட்ட நெறைய இருக்கு? யாருக்குக் கொறையுது?" நிறைய இருக்கும் இடத்திலிருந்து குறைகிற இடத்துக்கு அம்பு போடுவாள். ஒவ்வொரு படி முடிந்ததும் பிளஸ், மைனஸைக் கூட்டிப் பார்ப்பாள். அம்புக்கு இந்தப் பக்கம் இருந்த மின்சுமை அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

சரியாக வந்துவிட்டால் அடுத்த கேள்விக்குப் போவாள் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அதே சேர்மத்தில் ஒரு கையை மட்டும் மாற்றுவாள். மெத்தில் என்ற சின்னத் தொகுதி இருந்த இடத்தில் பீனைல் என்ற வளையத்தைப் போடுவாள். ஹைட்ரஜனை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பாள். ஒரே கேள்விக்கு நாலு வேஷம் கட்டி ஆடவிட்டுப் பார்ப்பாள். ஒரு மத்தியானத்தில் ஒரு கேள்வி. எனக்குப் பொறுமை போய்விடும். ஆறு கேள்வியையும் ஒரே நாளில் விழுங்கி ரேங்க் எடுத்தவள் நான்.

ஒரு நாள் ஆல்டாலை வரைந்துகொண்டிருந்தாள். ஆல்டிஹைடில், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனைல் கார்பனுக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், காரத்தின் ஓ.எச். மைனஸ் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கேதான் ஆல்டால் தொடங்குகிறது. மதினி அதைப் போட்டு முடித்துவிட்டு, பென்சால்டிஹைடை வரைந்தாள். அதில் அப்படிப் பிடுங்குவதற்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது.

"பிடுங்க ஒண்ணும் இல்லேன்னா இந்த ஓ.எச். மைனஸ் சும்மாவா போகும்? நேரா கார்பனைல் கார்பன்லயே போய் ஒட்டிக்கிடும். அப்போ ஆக்சிஜன் மைனஸோட நிக்கும். அது திரும்ப இறங்கி வரணும்னா கார்பன் எதையாவது விட்டாகணும்…" சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தங்கிட்ட இருக்குற ஹைட்ரஜனத்தான் விடும். எலக்ட்ரானோட சேத்து விடும். அத இன்னொரு பென்சால்டிஹைடு வாங்கிக்கிடும். ஒண்ணு ஆசிட்டாப் போகும், இன்னொண்ணு ஆல்கஹாலாப் போகும். அப்படித்தானடி?"

அப்படித்தான். அடர் காரத்தில் அதுதான் நடக்கும். பாடப்புத்தகத்தில் அதற்குத் தனிப் பெயரும் தனிப் பக்கமும் உண்டு. நான் அதைத் தனியாக, ஆல்டாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். அவள் பெயரே தெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொல்லவில்லை. "ம், சரிதான்" என்றேன்.

இன்னொரு நாள் எஸ்டராக்கல். என் நோட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். அமிலத்திலிருந்து ஹெச் பிளஸ் வந்து ஆக்சிஜனோடு சேரும் முதல் படி அது. நான் ஹெச் பிளஸ்ஸிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பு போட்டிருந்தேன்.

"ஏட்டி, இந்த அம்புங்கறது எலக்ட்ரான் போற வழிதான?"

"ஆமா."

"ஹெச் பிளஸ்ஸுகிட்ட ஏது எலக்ட்ரான்? இல்லாதவன் வீட்டுலருந்து எப்படிடி தானம் புறப்படும்? ஆக்சிஜன்லருந்துல்லா அம்பு கிளம்பணும்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்து வருஷமாக அந்த அம்பைத் தலைகீழாகப் போட்டுவந்திருக்கிறேன். எவரும் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. "திருத்துறவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றேன். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாக" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு உள்ளே ஒரு முள் ஏறிவிட்டது. டி.வி.க்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறவளை, அரியர் வைத்தவள் திருத்திவிட்டாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது பினகாலுக்கு வந்தோம். அதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு கார்பன், ஆளுக்கு ஒரு ஓ.எச். அமிலம் ஊற்றினால் ஒரு ஓ.எச். தண்ணீராகக் கழன்று போகும். அது போன கார்பன் பிளஸ்ஸாக நிற்கும். உடனே எதிர்க் கார்பனில் இருக்கும் ஒரு தொகுதி தன் எலக்ட்ரான்களோடு இந்தப் பக்கம் நகர்ந்து வந்து அந்தக் குறையை நிரப்பும். கடைசியில் ஒரு கீட்டோன் கிடைக்கும். வழக்கமாகக் கேட்பது நாலு பக்கமும் மெத்தில் உள்ள சேர்மம். அதில் எந்த ஓ.எச். போனாலும் ஒன்றுதான், எது நகர்ந்தாலும் மெத்தில்தான். யோசிக்க ஒன்றுமே இல்லை. என் நோட்டில் அதற்குக் கீழே சிவப்புக் கட்டம் கட்டி ஒரு விதி எழுதியிருந்தேன்: பீனைலும் மெத்திலும் இருந்தால் பீனைல்தான் நகரும்.

மதினி வழக்கம்போல வேஷத்தை மாற்றினாள். ஒரு கார்பனில் இரண்டு பீனைல், மற்றதில் இரண்டு மெத்தில்.

"இதுல எது நகரும்?"

நான் சிலேட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பீனைல். அதான் கட்டம் கட்டி எழுதியிருக்கேம்லா."

"அதில்லடி. முதல்ல யாரு எந்திரிக்கான்னு பாக்கணும். பொறவுதான யாரு வந்து உக்காருவான்னு வரும்? இங்கன ரெண்டு பீனைல் பக்கத்து ஓ.எச்.தான் போகும்னு எனக்குத் தோணுது. ஏன்னா அங்கன பிளஸ் வந்தா ரெண்டு வளையமும் தாங்கிக்கிடும். அப்போ எதிர்ல இருக்குறது…"

"மதினி, விதி பீனைல்னு சொல்லுது."

"விதி சரிதான். ஆனா எந்த இடத்துக்கு அந்த விதின்னு…"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மறுநாள் எனக்கு ஒரு செமினார் இருந்தது. காற்று ஓயாமல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. அம்பு விஷயம் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. இதெல்லாம் சாக்கு. நான் சொன்னது இதுதான்:

"இப்படி ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சு யோசிச்சு உக்காந்திருந்தா ஹால்ல நேரம் பத்தாது. அங்க போய் யோசிக்காதீங்க, நோட்டுல உள்ளத எழுதிட்டு வாங்க. நான் ரேங்க் எடுத்தவ, எனக்குத் தெரியாதா? இப்படி யோசிச்சுத்தான ஒங்களுக்கு அரியர் நிக்குது?"

அது பொய். அவள் யோசித்ததால் அரியர் நிற்கவில்லை. யோசிக்காமல் மனப்பாடம் செய்ததால் நின்றது. அவளே அதை என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் சொன்னேன்.

மதினி முந்தானையால் சிலேட்டைத் துடைத்து, மகளுடைய பையில் வைத்தாள். மறுநாளிலிருந்து சிலேட்டைத் தொடவில்லை. அடுப்படியில் என் நோட்டைத் திறந்து வைத்து, முணுமுணு என்று சொல்லிக்கொண்டே காய் நறுக்கினாள். ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தேர்வு அன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு ஒரு கண் வானத்தில், ஒரு கண் பொண்டாட்டி மேல். விதைக்கிற ஈரம் வந்துவிட்டது. ஆனாலும் அவன்தான் அவளை மோட்டார் சைக்கிளில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டான். செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டதால், தேர்வு நடந்த கல்லூரி வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே உள்ளே போனாளாம்.

மத்தியானம் நான் என் கல்லூரியிலிருந்து அங்கே போய்க் காத்திருந்தேன். மதினி வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். எட்டு மதிப்பெண் பகுதியில் இருந்தது. இரண்டு பீனைல், இரண்டு மெத்தில். அவள் சிலேட்டில் போட்ட அதே சேர்மம், அச்சில்.

"பாத்தீங்களா! வந்துட்டுல்லா! பீனைல நகத்திட்டீங்களா?"

"ஆமா. நீ சொன்னபடிதான் எழுதுனேன்."

"அப்போ பாஸ்தான் போங்க."

அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. களைப்பு என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் போளி வாங்கிக் கொடுத்தேன். இரண்டில் ஒன்றை மகளுக்கு என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் முடிவு வந்தது. தேறவில்லை. மூன்று மதிப்பெண் குறைவு.

மதினி அழவில்லை. "சரி, விடு" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அழுதது நான்தான். பிறகு கோபம் வந்தது. திருத்தியவன் குருடன், தூங்கிக்கொண்டே திருத்தியிருப்பான் என்று ஊர் கேட்கக் கத்தினேன். மூன்று மதிப்பெண்ணை எப்படியும் பிடுங்கிவிடலாம் என்று விடைத்தாள் நகலுக்கு நானே விண்ணப்பித்தேன். மதினி "வேண்டாம்டி" என்றாள். இரண்டு தரம் சொன்னாள். நான் கேட்கவில்லை.

நகல் என் போனுக்கு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே திறந்தேன். அந்த எட்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டுதான் போட்டிருந்தார்கள். பீனைல் நகர்கிறது, என் நோட்டில் உள்ள விதி அப்படியே எழுதியிருக்கிறது. பிறகு என்ன? அதற்கு முந்தின பக்கத்தில் அதே கேள்விக்கு முதலில் வேறு விடை ஒன்றை முழுசாக எழுதி, மேலிருந்து கீழே கோடு இழுத்து, ஓரத்தில் "அடிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தாள். தேர்வில் அடித்த பக்கத்தைத் திருத்துகிறவர் பார்க்கக்கூடாது என்பது முறை. நானும் அதை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அடிக்காத பக்கத்துக்கு ஆறு மதிப்பெண் குறைத்தது அநியாயம் என்ற எண்ணம்தான் மண்டைக்குள் இருந்தது.

நேரே எங்கள் பேராசிரியையிடம் போனேன். எங்களுக்குக் கரிம வேதியியல் எடுத்தவர். ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாருடைய தாள் என்று சொல்லாமல், போனை மட்டும் அவர் முன்னால் நீட்டினேன்.

"மேடம், இதுக்கு ரெண்டு மார்க்தான் போட்டிருக்காங்க. நியாயமா?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ரெண்டே ஜாஸ்திம்மா. தப்பான ஓ.எச். போயிருக்குதே."

"பீனைல்தான மேடம் நகரும்?"

"பீனைலா மெத்திலாங்கற கேள்வி எப்ப வரும்? ரெண்டும் ஒரே கார்பன்ல இருந்தாத்தான வரும்? இங்க அப்படி இல்லையே. முதல்ல எந்த ஓ.எச். கழலும்னு பாரு. ரெண்டு பீனைல் இருக்கிற பக்கம் பிளஸ் வந்தா அது நல்லா நிலைச்சு நிக்கும். அந்தப் பக்கத்து ஓ.எச்.தான் போகும். அது போயிட்டா எதிர்க் கார்பன்ல நகர்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு? மெத்தில்தானே?"

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இதே வார்த்தைகளை இதே வரிசையில் ஒருத்தி என்னிடம் சொல்லத் தொடங்கினாள். நான் பாதியில் நிறுத்தினேன்.

பேராசிரியை விரலால் திரையை நகர்த்தினார். அடித்த பக்கம் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு படியாகப் பார்த்தார்.

"அடப்பாவமே. இதுதாம்மா சரி. எவ்வளவு சுத்தமாப் போட்டிருக்கா பாரு. எல்லா ஜோடிக்கும் புள்ளி வச்சிருக்கா. அம்பு எல்லாம் எலக்ட்ரான்ல இருந்து கிளம்புது. பிளஸ்ஸுக்கு ஏன் இந்தக் கார்பன்னு ஒரு வரி காரணமும் எழுதியிருக்கா. எட்டுக்கு எட்டு. இதை ஏன் அடிச்சா?"

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"மனப்பாடம் பண்ணுன புள்ள இப்படிப் போட முடியாது. யாரும்மா இது, ஜூனியரா? பி.எஸ்சி. முடிச்சதும் எம்.எஸ்சி.க்கு இங்கயே வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. இந்த மாதிரி ஒரு புள்ளைக்குப் பாடம் எடுத்து எவ்வளவு நாளாச்சு."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆய்வகத்துப் படியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழே ஒரே கோடு. நடுவில் ஒரு இடத்தில் பேனா நின்று, மறுபடி இறங்கியிருந்தது. பேனா நின்ற அந்த இடத்தில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நினைத்திருப்பாள்.

அன்று சாயங்காலம் மதினி உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் வரப்பில் நேரே அங்கே போனேன்.

"மதினி, நீங்க அடிச்சதுதான் சரி. மேடம் பாத்துட்டாங்க. எட்டுக்கு எட்டாம். என் விதிதான் தப்பு. நான் சொன்னதக் கேட்டுத்தான் நீங்க…"

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவள் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எனக்கும் அதான் சரின்னு பட்டது" என்றாள் மெதுவாக. "எழுதி முடிச்சுட்டுத் திரும்பப் பாத்தேன். கூட்டிக்கூடப் பாத்தேன், சரியா வந்தது. அப்புறம்தான், ரேங்க் எடுத்தவ சொல்லுதா, அரியர் வச்சவளுக்கு என்ன தெரியும்னு தோணிச்சு. அடிச்சுட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அன்றைக்கு மத்தியானம் வெயிலா மழையா என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் என்னை ஒரு வார்த்தை வைதிருக்கலாம். கையிலிருந்த களையை முகத்தில் எறிந்திருக்கலாம். அதில் ஒன்றாவது கிடைக்காதா என்று நின்றேன்.

அதற்குப் பதிலாக அவள் கேட்டாள்: "நெசமாவே எட்டுக்கு எட்டுன்னாங்களா?"

"ஆமா மதினி."

"அந்த ஓ.எச். போறதுக்கு ஒரு காரணம் எழுதியிருந்தேனே, அதையும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. சுத்தமா எழுதியிருக்கான்னாங்க."

"எங்க, காட்டு."

மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தான் அடித்த பக்கத்தை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை, உதட்டை அசைத்தபடி படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பட்டம் போய்விட்டது, இனி அந்தத் தாளே கிடையாது. அதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு நினைவில் இல்லை. தான் போட்டது சரி என்பது மட்டும்தான் இருந்தது. என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"டீச்சரம்மா வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

இப்போது நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் எலக்ட்ரானுக்குப் புள்ளி வைக்காமல் அம்பு போட முடியாது. கேள்வியை நாலு விதமாக மாற்றித்தான் கேட்பேன். பெற்றோர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்கள். மதினி இன்றைக்கும் காட்டு வேலைதான் பார்க்கிறாள். போன மாதம்கூட என் கேள்வித்தாள் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, அதில் ஒரு பிழை கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

அன்றைக்குக் காட்டில் அவள் கேட்டதற்கு, "வேற ஒண்ணும் சொல்லல மதினி" என்றேன். எம்.எஸ்சி.க்கு வரச் சொன்னதை இதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.